1857-க்கு ஒரு நிறம், 1944-க்கு வேறு நிறம்: சிப்பாய் உடுப்பைத் தேர்வது எப்படி?

கேள்வி: எங்கள் குறும்படத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று தலைமுறைச் சிப்பாய்கள் 1857, 1915, 1944 ஆகிய ஆண்டுகளில் வருகிறார்கள். வாடகைக் கடையில் மூன்றுக்கும் ஒரே காக்கியைத்தான் தருகிறார்கள். வேண்டுமானால் திட்டுத் திட்டாக அச்சிட்ட ராணுவ உடுப்பும் இருக்கிறது என்கிறார்கள். 1857-இல் காக்கி இருந்ததா? எந்தக் காலத்துக்கு எது சரி?

பதில்: 1857-க்குச் சிவப்புக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையும்தான் பெரும்பாலும் பொருந்தும். காக்கியும் இருந்தது, ஆனால் கடைக்காரர் தரும் காக்கி இல்லை. 1915-க்குக் காக்கி சரி. 1944 பர்மா என்றால் வெறும் பச்சை. திட்டு அச்சு மூன்றிலுமே வேண்டாம். காரணம் தெரிந்தால் காட்சிக்குக் காட்சி நீங்களே முடிவெடுக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போருக்குப் போகிறவன் ஏன் சிவப்பில் போனான்? அன்றைய கருமருந்து அவ்வளவு புகை கக்கியது. வரிசையாக நின்று இரண்டு மூன்று முறை சுட்டாலே முன்னால் வெள்ளைப் புகை சுவர்போல நின்றுவிடும். அதற்குள் நம்மவன் யார், எதிரி யார் என்று தளபதிக்குத் தெரிய அடர்ந்த நிறம் உதவியது. உள்வழவழப்பான பழைய மஸ்கெட் துப்பாக்கி நூறு கஜத்தைத் தாண்டினால் குறிவைத்த ஆளைத் தொடுவது அதிர்ஷ்டம்தான். அதனால் ஒளிந்துகொள்வதில் பெரிய லாபமும் இல்லை. செலவும் ஒரு காரணம். சாதாரணச் சிப்பாயின் சிவப்பு, மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து எடுத்த மலிவான சாயம். அதிகாரியின் பளீர்ச் சிவப்பு, கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த விலை உயர்ந்த சாயம். உங்கள் படத்தில் அதிகாரியையும் சிப்பாயையும் ஒரே சிவப்பில் நிறுத்தாதீர்கள். சிப்பாயின் கோட்டு சற்று மங்கிச் செங்கல் நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

சரி, காக்கிக்கு வருவோம். 1846 டிசம்பரில் ஹாரி லம்ஸ்டன் பெஷாவரில் ‘கார்ப்ஸ் ஆஃப் கைட்ஸ்’ என்ற சிறு படையைத் திரட்டினார். எல்லைப்புறத்தில் வேவு பார்ப்பதும் வேகமாகப் போய்த் தாக்குவதும் அதன் வேலை. மண்ணும் பாறையுமான அந்த நாட்டில் சிவப்புக் கோட்டோடு போனால் இரண்டு மலை தள்ளி நிற்பவனுக்கும் தெரியும். அதனால் உள்ளூர்ப் பருத்தித் துணியை அங்கே கிடைத்த பொருள்களைக் கொண்டே மண் நிறமாக்கி உடுத்தினார்கள். அது அந்த ஒரு படையின் வழக்கம். சென்னை, பம்பாய், வங்கப் படைகளின் சிப்பாய்கள் சிவப்பிலேயே இருந்தார்கள்.

1857 கோடையில் போர் வெடித்தபோது பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் சில அவசரமாகக் காக்கிக்கு மாறின. அவர்களிடம் வெள்ளை ட்ரில் துணிக் கோடை உடுப்பு இருந்தது. அதைத் தேயிலை, காபி, சேறு, மை என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் முக்கினார்கள். சியால்கோட்டில் இருந்த 52-ஆம் காலாட்படை அப்படிச் சாயம் போட்ட பிரிவுகளில் ஒன்று. பொதுச் சாயம், பொது அளவு என்று எதுவும் இல்லாததால் ஒருவன் பழுப்பாகவும் பக்கத்தில் நிற்பவன் சாம்பல் நீலமாகவும் இருந்தான். ஆகவே 1857 காட்சியில் எல்லாரும் ஒரே சீராகக் காக்கியில் நின்றால் அது பிழை. தையலும் மடிப்பும் எவ்வளவு சரியாக இருந்தாலும் விஷயம் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இந்த நிறத்தை வீட்டிலேயே கொண்டுவரலாம். வெள்ளைப் பருத்தி ட்ரில் வாங்குங்கள். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம், தேயிலைச் சாயம் அதில் பிடிக்காது. முதலில் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். கஞ்சி இருந்தால் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். ஒரு கிலோ துணிக்கு நூறு கிராம் தேயிலைத் தூளைப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஈரத் துணியை அதில் போட்டு ஒரு மணி நேரம் அடிக்கடி புரட்டுங்கள். இளம் பழுப்பு வரும். சாம்பல் சாயல் வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியில் அரைத் தேக்கரண்டியைத் தனியாக நீரில் கரைத்துச் சேருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். அன்னபேதி கூடினால் நிறம் கறுத்துவிடும், நாளடைவில் துணி நைந்தும் போகும். சட்டைகளை வெவ்வேறு நேரத்தில் வெளியே எடுத்தால் நிறவேறுபாடு தானாக வந்துவிடும். ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பதால், ஒரு துண்டுத் துணியை முதலில் முக்கி, உலர்த்திப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

இரண்டு மூன்று தடவை துவைத்தால் இந்த நிறம் வெளுக்கத் தொடங்கும். அன்றைய படைக்கும் இதே தலைவலிதான். போர் முடிந்ததும் காக்கியை விட்டுவிட்டு வெள்ளைக்கே திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறுகிற துணியைச் சீருடை என்று சொல்ல முடியாது அல்லவா? 1884-இல் இங்கிலாந்தின் அக்ரிங்டன் ஊரில் ஃபிரெடெரிக் கேட்டி என்பவர் வெளுக்காத காக்கிச் சாயத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரும்பு, குரோமியம் இரண்டின் உப்புகளைத் துணியின் இழைக்குள்ளேயே படியவைக்கும் முறை அது. வெயிலுக்கும் வெளுப்புக்கும் அசையாது. அதே 1884-இல் பிரான்சில் பால் வியெய் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கினார்.

சிவப்பை முடித்துவைத்தது இந்த இரண்டாவது விஷயம். புகை இல்லையென்றால் சுட்டவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது, ஆனால் அவன் பார்வைக்கு நீங்கள் தெளிவாகத் தெரிவீர்கள். ரைஃபிளின் குண்டும் அதற்குள் பல நூறு கஜம் துல்லியமாகப் போகத் தொடங்கியிருந்தது. 1885 வாக்கில் இந்தியாவிலிருந்த படைகள் காக்கிக்கு மாறின. அதே ஆண்டு டிசம்பர் 30-இல் சூடானின் கின்னிஸில் நடந்ததைத்தான் பிரிட்டிஷ் படை சிவப்பில் நின்ற கடைசிப் போராகச் சொல்வார்கள்.

காக்கி போட்டால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை. 1899 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் மாகர்ஸ்ஃபொன்டைனில் ஸ்காட்லாந்து ஹைலாண்டர் வீரர்கள், கட்டம் போட்ட கில்ட் பாவாடையின் முன்பக்கத்தை மட்டும் மறைக்கும் காக்கித் துணியைக் கட்டிக்கொண்டு போனார்கள். அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினரான போயர்களின் துப்பாக்கிச் சூட்டில் குப்புறப் படுக்கவேண்டி வந்ததும் மறைக்காத பின்பக்கத்துக் கருங்கட்டம் வெளியே தெரிந்தது. அன்று பகல் முழுக்கத் தலைதூக்க முடியாமல் அப்படியே கிடந்தார்கள். பளபளக்கும் பித்தான், அதிகாரியின் வாள், வெள்ளைத் தோல் வார் எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுப்பவை என்பது அந்தப் போரில் நன்றாக உறைத்தது. உங்கள் 1915 சிப்பாய்க்கும் பித்தானை மெருகேற்றாதீர்கள், தோல் வார்கள் பழுப்பாக இருக்கட்டும்.

1915-இல் கதை எங்கே நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மெசபடோமியா, அதாவது இன்றைய இராக், என்றால் வெளிர்ந்த பருத்திக் காக்கி, தலைப்பாகை, முழங்கால் வரை சுற்றிய பட்டித்துணி. பிரான்ஸ் என்றால் கம்பளி செர்ஜ் துணியில் பச்சை கலந்த அடர்பழுப்பு. 1902-இல் ஐரோப்பியப் புல்வெளிக்காகத் தேர்ந்த நிறம் அது. இந்தியப் படைகள் 1914 செப்டம்பர் இறுதியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது மெல்லிய பருத்தியில்தான் வந்தன. கம்பளி உடுப்பு பிறகுதான் வந்து சேர்ந்தது.

பக்கத்தில் பிரெஞ்சு வீரன் நின்றால் அவனுக்குக் காக்கி போடாதீர்கள். 1914 ஆகஸ்டில் பிரெஞ்சுக் காலாட்படை நீலக் கோட்டும் சிவப்புக் கால்சட்டையுமாகவே போருக்குப் போனது. ஆகஸ்ட் 22 அன்று ஒரே நாளில் சுமார் 27,000 பேர் மாண்டார்கள். பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும்தான் அதற்கு முதல் காரணம், பழி முழுவதையும் கால்சட்டைமேல் போடுவது நியாயமில்லை. நீலம், வெள்ளை, சிவப்பு இழைகளைக் கலந்து நெய்த புதுத் துணிக்கு ஜூலையிலேயே ஒப்புதல் ஆகியிருந்தது. ஆனால் சிவப்புச் சாயம் ஜெர்மனியிலிருந்து வரவேண்டியது. போர் வந்ததும் சிவப்பிழையை விட்டு நெய்தார்கள், சாம்பல் கலந்த வெளிர்நீலம் கிடைத்தது. 1915 பிரெஞ்சு வீரனுக்கு அந்த நிறம்.

பழைய படங்களைப் பார்த்து நிறம் தேர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அன்றைய ஒளிப்படத் தகடுகளுக்குச் சிவப்பு ஒளி சரியாகப் பதியாது. அதனால் சிவப்புக் கோட்டு ஏறக்குறையக் கறுப்பாகவும் வெளிர்நீலம் வெள்ளையாகவும் விழும்.

1944-க்கு வருவோம். 1942-இல் பிரிட்டிஷ் இந்தியப் படை பர்மாவில் ஜப்பானியரிடமிருந்து பின்வாங்கியபோது பாலைவனத்துக்கு ஏற்ற வெளிர்காக்கி பச்சைக் காட்டில் எடுப்பாகத் தெரிந்தது. முதலில் இருந்த காக்கியையே பச்சைச் சாயத்தில் முக்கினார்கள், அப்புறம் காட்டுப் பச்சையில் புதிய சட்டையும் கால்சட்டையும் வந்தன. கடைக்காரரின் காக்கி பருத்தியாக இருந்தால் அதன்மேலேயே பச்சைச் சாயம் போடலாம், நிறம் பொருத்தமாகவே வரும்.

திட்டு அச்சு அப்போது உலகில் இருந்தது. இத்தாலி 1929-இல் கூடாரத் துணியில் அச்சிட்டது, ஜெர்மனி 1931-இல். ஒரே நிறம் பூசினால் நிறம் மறையும், ஆனால் தோள், தலை, கால் என்று மனித வடிவம் விளிம்பால் தெரிந்துவிடும். அடர்த்தியும் வெளிர்ச்சியுமான பெரிய திட்டுகள் அந்த விளிம்பை வெட்டிக்கொண்டு போனால், கண்ணுக்கு ஆள் தெரியாமல் தனித்தனித் துண்டுகள் தெரியும். அதற்குத் திட்டு போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். சிறு புள்ளிகள் தூரத்தில் கலந்து ஒற்றை நிறமாகிவிடும். 2004-இல் அமெரிக்கத் தரைப்படை எல்லா நிலத்துக்கும் பொதுவாகக் கொண்டுவந்த சாம்பல் கட்ட அச்சுக்கு நேர்ந்தது இதுதான். ஆப்கானிஸ்தானிலிருந்த படைகளுக்கு 2010-இலேயே வேறு அச்சு கொடுக்க வேண்டியதாயிற்று. 1944 நார்மண்டியில் வேறு சங்கடம். திட்டு உடுப்பணிந்த அமெரிக்க வீரர்களை ஜெர்மானியர் என்று நினைத்து அவர்கள் ஆட்களே சுட்டதால் அந்த உடுப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

உங்கள் பர்மா சிப்பாயின் வழக்கமான உடுப்பில் அந்த அச்சு இல்லை. கடையில் இருப்பது அநேகமாக இன்றைய படைகளின் அச்சைப் பார்த்துச் செய்த நகலாகத்தான் இருக்கும். இந்திய ராணுவம் 2022 ஜனவரியில் வெளியிட்ட புதிய அச்சின் சாயலில் இருந்தால் தொடவே வேண்டாம். அதை உடுத்தித் தெருவில் நடக்கும்போது ராணுவத்தார் என்று பிறர் நம்பும்படி நடந்துகொண்டால் சட்டப்படி குற்றமாகும். பச்சை உடுப்பில் வெளிப்புறப் படப்பிடிப்பு வைத்தாலும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், படப்பிடிப்புக்கு வெளியே நடிகர்கள் அந்த உடுப்பில் போக வேண்டாம்.