நைனாவின் கடிதம்

வணக்கம் சார்,

நான் காசிமேட்டுக்காரன். தோஹாவில் சாரம் கட்டும் வேலை. வருகிற ஆகஸ்டில் என் மகளுக்கு ஏழு வயது முடிகிறது. வீடியோ காலில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு ஓடிவிடுகிறாள். அதனால் கடிதம் எழுதி, ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்துவிட நினைக்கிறேன். நேரு இந்திராவுக்கு எழுதிய மாதிரி அவள் பெரியவளானாலும் வைத்துப் படிக்கவேண்டும் என்று ஆசை. எழுதியதை இணைத்திருக்கிறேன். திருத்தித் தர முடியுமா?

ஆர்., தோஹா

அன்புள்ள ஆர்.,

நேருவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1930 அக்டோபரில் நைனி சிறையிலிருந்து அவர் எழுதிய பிறந்தநாள் கடிதம் இந்திராவின் 13ஆவது பிறந்தநாளுக்கு. உங்கள் பெண்ணுக்கு ஏழு. அதுவும் போக, அந்தக் கடிதத்தில் நேரு உபதேசத்தைக் கேலிதான் செய்கிறார். அறிவு மிகுந்து வயிறு வெடித்துவிடப்போகிறது என்று வயிற்றைச் சுற்றிச் செப்புத்தகடு கட்டிக்கொண்டு திரிந்த ஓர் ஆசாமி. யுவான் சுவாங் எழுதிவைத்த அந்தக் கதையை மகளுக்குச் சொல்கிறார். நீங்களோ ஒன்றரைப் பக்கம் செப்புத்தகடு கட்டியிருக்கிறீர்கள். கோபிக்காதீர்கள்.

‘உனக்காகத்தான் இந்த வெயிலில் ரத்தம் சுண்டச் சுண்ட உழைக்கிறேன்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். உண்மைதான். ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்கு அது ‘என்னால்தான் நைனா கஷ்டப்படுது’ என்று போய்ச் சேரும். பிறந்தநாள் அன்று அவள் தலையில் ஒரு கடன். வெயிலைப் பற்றி எழுதுங்கள், அவளுடைய நாளோடு சேர்த்து எழுதுங்கள். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருப்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். நம்மூர் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அப்படியானால் இப்படி எழுதலாம்:

“பாப்பா, நீ ஸ்கூல்ல டிபன் பாக்ஸ் திறக்கிறப்போ மணி 12.30 இருக்கும்ல? அப்போ இங்க காலைல 10 மணிதான். நைனா அப்பதான் சாரத்துல இருந்து கீழ இறங்குவேன். சூடு ஜாஸ்தின்னு அப்புறம் யாரும் வெளியில வேலை செய்யக் கூடாது. சாயங்காலம் 6 மணிக்கு பாட்டி விளக்கு ஏத்தறப்போ, இங்க 3.30. நைனா மறுபடி மேல ஏறுவேன்.”

இதைப் படித்த மறுநாள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது உங்களை நினைப்பாள். நீங்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? ‘அன்பு மகளே, நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கினால் யாரோ எழுதிக்கொடுத்ததாக நினைப்பாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிச் சத்தமாகத்தான் படிக்கும். மூச்சுக்கு ஒரு வாக்கியம் போதும். எழுத்து பெரிதாக, வரிகளுக்கு நடுவே இடம் விட்டு எழுதுங்கள்.

அடுத்து, ‘ஏப்ரலில் கண்டிப்பாக வந்துவிடுவேன்’. லீவு இன்னும் கைக்கு வரவில்லை என்று எனக்கு எழுதிவிட்டு அவளுக்கு எப்படிக் கண்டிப்பாகச் சொல்கிறீர்கள்? போனில் சொன்னது மறந்துபோகும், தாளில் இருப்பதைத் தினமும் எடுத்துக் காட்டுவாள். ஏப்ரல் என்பதும் அவளுக்குப் பிடிபடாது. காசிமேட்டுப் பிள்ளைக்குத் தடைக்காலம் தெரியும். ஏப்ரல் 15லிருந்து 61 நாள் விசைப்படகுகள் கரையிலேயே நிற்பதைப் பார்த்திருப்பாள். ‘போட்டெல்லாம் கட்டிப்போடற சமயத்துல லீவு கேட்டிருக்கேன். சரின்னு சொன்னா அன்னிக்கே போன் பண்றேன்’ என்பதோடு நிறுத்துங்கள்.

வட்டிக்காரர் சமாச்சாரத்தைத் தனித்தாளில் வீட்டம்மாவுக்கு எழுதுங்கள். பிள்ளையின் கடிதத்தை அக்கம்பக்கத்தில் நாலு பேராவது வாங்கிப் படிப்பார்கள்.

என் அப்பா விசாகப்பட்டினத்தில் இருந்தபோது இன்லாண்ட் லெட்டர் வரும். தண்டையார்பேட்டைக்கு வந்த அந்தக் கடிதங்களில் எனக்கென்று இருந்தது கடைசி ஒரு வரிதான்: ‘தெருக்குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, பார்த்து எழுது.’ அதற்காகவே விடிவதற்கு முன்னால் எழுந்து குழாயடியில் போய் நின்றிருக்கிறேன். அம்மாவுக்கும் ஒரு குடம் கூடுதலாகக் கிடைத்தது. உங்கள் கடிதத்தில் ‘நன்றாகப் படி’ மூன்று முறை வருகிறது, ஒரு கேள்விகூட இல்லை. பீச் ரோட்டிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள் தெரியுமே, ஞாயிற்றுக்கிழமை பாட்டியோடு போய் எத்தனை நிற்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். தாளின் கீழ்ப்பாதியைக் கோடு போட்டுக் காலியாக விடுங்கள். அவள் எண்ணி எழுதியதும் வீட்டில் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும்.