5 மாதப் பணமும் ஒரு தையல் மெஷினும்

கேள்வி: முதிர்ந்த பாலிசியிலிருந்து ஒரு தொகை வந்திருக்கிறது. எங்கள் வீட்டுச் செலவுக்கு 5 மாதம் காணும். வேறு சேமிப்பு இல்லை, கணவர் சம்பளம் மட்டும்தான். எனக்குத் தையல் நன்றாகத் தெரியும். ஒரு மெஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்க ஒரு ஓவர்லாக் மெஷின், கொஞ்சம் துணி வாங்கிப் போட்டு, ரெடிமேடாகத் தைத்து விற்கலாம் என்று ஆசை. இந்த மூன்றுக்கும் தலா ஒரு மாதச் செலவு ஆகும். மாதா மாதம் வீட்டுச் செலவில் கால் பங்கு சம்பாதிக்க முடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். "அந்தப் பணத்தைத் தொடாதே" என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்? — ஒரு வாசகி

பதில்: பணத்தை மாதக் கணக்கில் அளந்து எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்கே பாதி வேலை முடிந்தது. அதே அளவுகோலை வைத்துக்கொண்டே பேசுவோம். ஒரே ஒரு திருத்தம். சம்பளம் நின்றுபோன மாதத்தில் யாரும் வழக்கம்போல் செலவு செய்வதில்லை. புதுத் துணி, வெளியூர்ப் பயணம் எல்லாம் தானாக நின்றுவிடும். வாடகை, கடன் தவணை, மளிகை, மருந்து, பள்ளிக் கட்டணம் நிற்காது. இந்த நிற்காத செலவை மட்டும் கூட்டிப் பாருங்கள். பேச்சுக்கு, அது உங்கள் வழக்கமான செலவில் 70 சதவீதம் என்று வைப்போம். அப்படியானால் கையில் உள்ள 5 மாதப் பணம், இறுக்கிப் பிடித்தால் 7 மாதம் வரும்.

இப்போது உங்கள் திட்டத்தை ஓட்டிப் பார்க்கலாம். 3 மாதப் பணம் போய்விட்டது, மீதி 2. தொழில் தொடங்கி நாலாவது மாதம் கணவருக்கு வேலை போகிறது. (அப்படி நடக்க வேண்டாம், ஆனால் அவசரப் பணம் என்று வைப்பதே அதற்காகத்தானே.) முதல் மாதம் மெஷினோடு பழகுவதிலும் வாடிக்கையாளர் தேடுவதிலும் போயிருக்கும். அதன் பிறகும் கால் பங்கு லாபம் உடனே வந்துவிடாது. எல்லாம் சேர்த்து அரை மாதச் செலவுக்கு வந்திருந்தால் நல்ல தொடக்கம் என்பேன். ஆக, கையில் 2.5 மாதம். இறுக்கிப் பிடித்தால் மூன்றரை மாதம். தொடாமல் வைத்திருந்தால் 7.

"மெஷினை விற்றுக்கொள்ளலாமே" என்று தோன்றும். விற்கலாம். ஆனால் அவசரத்தில் விற்பவருக்குப் பாதி விலை கிடைத்தாலே அதிர்ஷ்டம், அதுவும் வாங்க ஆள் வரும்போதுதான். பல வருடங்களுக்கு முன் நான் ஒரு லாமினேஷன் மெஷின் வாங்கினேன், மாலை நேர வருமானத்துக்கு. மேலே துணி போர்த்தி வைத்திருந்த காலம்தான் அதிகம். கடைசியில் போன விலையை இங்கே எழுத மாட்டேன்.

உங்கள் பட்டியலில் எனக்கு அதிகம் உறுத்துவது மெஷின்கூட இல்லை, துணி. மெஷினைப் பாதி விலைக்காவது விற்கலாம். வெட்டாத துணியையும் கொஞ்சம் நஷ்டத்தில் தள்ளிவிடலாம். வெட்டிய துணி அப்படியில்லை. அந்த அளவுக்கு, அந்த நிறத்துக்கு ஆள் வந்தால்தான் அது பணம். வருகிறவர்களும் தெரிந்தவர்களாக இருப்பார்கள், "அடுத்த மாதம் தர்றேன்" என்பார்கள். ரெடிமேட் தைப்பவர்கள் திணறுவது பெரும்பாலும் தையலில் அல்ல, இந்த முடங்கிய சரக்கிலும் வராத பாக்கியிலும்தான்.

அதனால் கணவர் சொல்வது முழுச் சரி என்று நான் சொல்லப் போவதில்லை. தொடலாம், ஆனால் 3 மாதம் அல்ல, முக்கால் மாதம். ரெடிமேடை ஒதுக்கிவிட்டு, வாடிக்கையாளரே துணி கொண்டுவரும் வேலையை எடுங்கள்: ஆல்டரேஷன், ஜிப் மாற்றுவது, நீளம் குறைப்பது, அளவெடுத்துத் தைப்பது. இதில் உங்கள் பணம் சரக்கில் முடங்காது. அரை மாதப் பணத்துக்குள் நல்ல நிலையில் உள்ள பழைய மெஷின் ஒன்று. மீதிக் கால் மாதம் நூல், ஊசி, ஜிப், அப்புறம் வெளியில் ஓவர்லாக் அடித்து வாங்கும் கூலி. ஓவர்லாக் மெஷின் வைத்திருக்கிற யாராவது துணிக்கு இவ்வளவு என்று அடித்துக் கொடுப்பார்கள். அந்தக் கூலியை நோட்டில் தனியாக எழுதி வாருங்கள். ஒரு வருடக் கூலி அந்த மெஷினின் விலையைத் தொடும் என்று தெரிகிற அன்று அதை வாங்கலாம், அதுவும் தையலில் வந்த பணத்தில்.

இந்த வழியில் உங்களிடம் 4.25 மாதம் மிச்சம் இருக்கும், இறுக்கிப் பிடித்தால் 6 மாதம். வருமானம் நீங்கள் நினைத்ததில் பாதிதான் என்றே வைப்போம், அதாவது மாதச் செலவில் எட்டில் ஒரு பங்கு. அப்படியும் போட்ட முக்கால் மாதம் ஆறே மாதத்தில் திரும்பிவிடும். பெரிய திட்டத்தில் எல்லாம் நினைத்தபடி நடந்தாலே ஒரு வருடம் ஆகும். பாதிதான் வந்தால் 2 வருடம்.

மிச்சப் பணத்தை எங்கே வைப்பது? ஒரு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மற்றதை ஒரே வைப்பு நிதியாகப் போடாமல் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். முதிர்வுக்கு முன் உடைக்க முடிகிற வகைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்ற இரண்டின் வட்டி கெடாது. தையல் வரவு செலவுக்குத் தனிக் கணக்கு. அதில் பணம் தீர்ந்தால் வைப்பு நிதியைத் தொடுவதில்லை என்று இருவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பயம் மெஷின் மேல் இல்லை என்று நினைக்கிறேன். செலவு எந்த இடத்தில் நிற்கும் என்று தெரியாததுதான் பயம். கிரெடிட் கார்டு பாக்கி ஏதும் இருந்தால் மட்டும் வரிசை மாறும், முதலில் அதை அடைத்துவிடுங்கள். எந்தத் தையலும் அந்த வட்டிக்கு ஈடு கொடுக்காது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் தைக்க வருபவர்கள் யார்? பெரும்பாலும் கணவரோடு வேலை செய்பவர்களின் குடும்பங்கள் என்றால், அந்த நிறுவனம் ஆட்டம் கண்டால் அவர் சம்பளமும் உங்கள் ஆர்டரும் ஒன்றாக நிற்கும். இரண்டாவது வருமானம் கணக்கில் இருக்கும், ஆபத்தில் உதவாது. வேறு வட்டத்திலிருந்தும் ஆள் பிடியுங்கள்.

4 மாதம் கழித்து நோட்டைத் திறங்கள். வந்த பணத்தில் நூல், கூலி, மின்சாரம், பிரித்துத் தைத்ததில் போனது எல்லாம் கழித்து, உட்கார்ந்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு கடையில் கூலிக்குத் தைத்தால் கிடைப்பதைவிட அது குறைவாக இருந்தால், விலையை ஏற்றுங்கள். ஏற்ற முடியவில்லையென்றால் கடைக்கே தைத்துக் கொடுங்கள், மெஷின் உங்களிடம்தான் இருக்கிறதே.

பழைய மெஷின் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். மெல்லிய துணி ஒன்று, கெட்டித் துணி ஒன்று கொண்டுபோய், நீங்களே உட்கார்ந்து ஓட்டுங்கள். கெட்டித் துணியை நாலாக மடித்து அடித்துவிட்டு, தையலின் மேல்பக்கம் மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே நூல் சுருண்டு கிடந்தால் ஒருவேளை நூல் இறுக்கத்தைச் சரிசெய்தாலே போதும். தையல் விட்டு விட்டு விழுந்தால் புது ஊசி போட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அப்போதும் விட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.