ரப்பர் உரிந்து வருகிறதா? பசையை மாற்றும் முன் எந்தப் பக்கம் விட்டது என்று பாருங்கள்

கேள்வி: சிறிய மெஷின்களுக்கு இரும்பு ஸ்டாண்ட் செய்து தருகிறேன். 6 மி.மீ. எம்.எஸ். தகட்டின் அடியில் 6 மி.மீ. நியோபிரீன் ரப்பரை, சன்மைக்கா ஒட்டும் மஞ்சள் பசையால் ஒட்டினேன். இரண்டே மாதத்தில் ஓரத்திலிருந்து உரிந்து வருகிறது. பசை முழுவதும் ரப்பரில் இருக்கிறது, தகட்டில் சுவடே இல்லை. எபாக்சிக்கு மாறிவிடலாமா? அலுமினியப் பட்டையைத் தேக்குச் சட்டத்திலும், பிளாஸ்டிக் டப்பாவிலும் ஒட்ட என்ன பசை வாங்குவது?

பதில்: பசை முழுவதும் ரப்பரில் தங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்கு வேண்டிய விடை அதில்தான் இருக்கிறது. பசை ரப்பரைப் பிடித்திருக்கிறது, இரும்பைப் பிடிக்கவில்லை. பசைக்கே வலு போதாமல் போயிருந்தால் அது நடுவில் கிழிந்து, பாதி தகட்டிலும் பாதி ரப்பரிலுமாக நின்றிருக்கும். அதனால் இதைவிட விலை கூடிய பசை வாங்கினாலும் அதே தகட்டில் அதுவும் இப்படியே கழன்றுவிடும்.

உரிந்த ரப்பரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பசையின் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நீலக் கருப்பாகச் சிறு செதில்கள் ஒட்டியிருந்தால், அது சூடாக உருட்டிய தகட்டின் மேல் இருக்கும் ஸ்கேல். பசை அந்தத் தோலைத்தான் பிடித்தது, தோல் இரும்பை விட்டுவிட்டது. செம்பழுப்புத் தூள் இருந்தால் துரு. கண்ணாடி போல வழவழவென்று இருந்தால், தகட்டில் எண்ணெய் இருந்த இடத்தில் பசை காய்ந்திருக்கிறது என்று பொருள். 6 மி.மீ. எம்.எஸ். தகடு பெரும்பாலும் சூடாக உருட்டியதுதான் என்பதால், உங்கள் விஷயத்தில் ஸ்கேலும் எண்ணெயும் சேர்ந்தே இருக்கலாம்.

எபாக்சி இந்த வேலைக்கு வேண்டாம். காரணம் அதன் வலு அல்ல, அதன் விறைப்பு. பெட்டியில் ஒட்டிய பார்சல் டேப்பைப் பக்கவாட்டில் இழுத்தால் லேசில் வராது. ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தால் சரசரவென்று வந்துவிடும். முதல் இழுப்பை ஒட்டிய பரப்பு முழுவதும் தாங்குகிறது. இரண்டாவதை, அந்த நொடியில் பிரியும் ஓரக்கோடு மட்டுமே தாங்குகிறது. ஸ்டாண்டைத் தரையில் இழுத்து நகர்த்தும்போது ரப்பர் வளைந்து நீளும், இழுப்பெல்லாம் ஓரத்தில் வந்து குவியும். காய்ந்த எபாக்சி அந்த இடத்தில் வளையாமல் விரிசல் விடும். ரப்பரோடு சேர்ந்து கொஞ்சம் நீளக்கூடிய பசைதான் இங்கே வேண்டும். நீங்கள் போட்ட மஞ்சள் பசையும் பெரும்பாலும் நியோபிரீனைக் கரைத்துச் செய்ததுதான், அதாவது உங்கள் ரப்பரின் சொந்தச் சாதி. தேர்வு தவறில்லை. தகடும், ஒட்டிய விதமும்தான் மாற வேண்டும்.

வெயிலில் நிற்கும் ஸ்டாண்ட், எண்ணெய் சிந்தும் இடம் என்றால் மட்டும் ஹார்டனர் கலக்கும் இரண்டு பாக ரப்பர் சொல்யூஷனை வாங்குங்கள். சாதாரண மஞ்சள் பசை சூட்டில் இளகும். கன்வேயர் உருளைகளின் மேல் ரப்பர் போர்த்துகிறவர்கள் இந்த இரண்டு பாகச் சரக்கைத்தான், இரும்பின் மேல் முதலில் பிரைமர் அடித்துவிட்டு, பயன்படுத்துகிறார்கள். ஹார்டனர் அளவைக் கண் திட்டத்தில் ஊற்றாமல் தராசில் எடையிட்டுக் கலக்குங்கள். கலந்ததை ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

இப்போது தகட்டுக்கு வருவோம். முதலில் துடைக்க வேண்டும், அப்புறம்தான் தேய்க்க வேண்டும். பலரும் நேராக உப்புத்தாளை எடுத்துவிடுகிறார்கள். எண்ணெய் இருக்கும்போது தேய்த்தால், அந்த எண்ணெயைப் புதிய கீறல்களுக்குள் நாமே அழுத்தி அனுப்புகிறோம். அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரே திசையில் துடையுங்கள். அது ஆவியாகும் முன்பே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தானாகக் காயவிட்டால், கரைந்த எண்ணெய் மறுபடி தகட்டிலேயே படிந்துவிடும். துணி வெள்ளையாகவே வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். அழுக்குத் துணியை அசிட்டோன் டப்பாவில் முக்கக் கூடாது, துணியின் மேல்தான் ஊற்ற வேண்டும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் தங்கள் பங்குக்கு ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். லூஸில் விற்கும் தின்னரையும் நான் நம்புவதில்லை.

பிறகு ஸ்கேல் முழுவதும் போய் வெள்ளிச் சாம்பல் நிறம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். மணல் வீச்சு செய்து தரும் இடம் பக்கத்தில் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. இல்லையென்றால் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க்கால் ஸ்கேலை எடுத்துவிட்டு, 80 நம்பர் எமரியால் குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். ஒயர் வீல் போட்டுப் பளபளப்பாக்குவது கண்ணுக்கு அழகு, பசைக்கு ஆகாது. அது சொரசொரப்பை மழுக்கி, இருக்கும் அழுக்கையும் பூசிவிடுகிறது. தேய்த்த பின் தூள் போக மறுபடி அசிட்டோன் துடைப்பு. அதன் பிறகு அந்த முகத்தில் விரல் படக் கூடாது.

சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. தேய்த்த தகட்டில் சுத்தமான தண்ணீரைத் தெளித்துச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி, அரை நிமிடம் உடையாமல் நின்றால் தகடு தயார். தாமரை இலையில் போல முத்து முத்தாகத் திரண்டால், அல்லது படலம் ஓரிடத்தில் ஓட்டை விழுந்து விலகினால், அங்கே எண்ணெய் இருக்கிறது. தண்ணீரையே தன்மேல் பரவவிடாத இடத்தில் பசையும் பரவாது. சோதித்த தகட்டை உடனே துடைத்து, அசிட்டோன் விட்டு, இதமான சூட்டுக் காற்றில் உலர்த்துங்கள். சுத்தமான இரும்பு வேகமாகத் துருவேறும் என்பதால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் பூச்சைக் கொடுத்துவிடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம்.

ரப்பரின் பக்கத்துக்குப் பங்க்சர் கடைக்காரரைவிட நல்ல வாத்தியார் கிடையாது. டியூபின் பளபளப்பு போகும்வரை அரத்தால் தேய்ப்பார், சொல்யூஷன் தடவுவார், அவசரப்படாமல் காத்திருப்பார், பிறகு பேட்ச் வைத்துச் சுத்தியால் தட்டுவார். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ரப்பர் ஷீட்டின் மேல் அச்சிலிருந்து பிரிவதற்காகப் போட்ட பவுடரோ சிலிகோனோ இருக்கும். போதாததற்கு உள்ளே கலந்த மெழுகும் மெல்ல மேலே வந்து படியும். 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாளால் அந்தத் தோலை எடுத்து, பளபளப்பில்லாத கருப்பு தெரிய வேண்டும். அசிட்டோனை ஊற்றி ஊறவைக்காமல் லேசாக ஒரு துடைப்பு போதும், ஊறினால் ரப்பர் உப்பும். பத்து நிமிடம் காற்றாடவிடுங்கள்.

அடுத்து காத்திருப்பு. பலருடைய ஒட்டு கெடுவது இங்கேதான். சன்மைக்காவை மரத்தில் ஒட்டும்போது பசையில் மிச்சமிருக்கும் கரைப்பான் மரத்தின் வழியே வெளியேறிவிடும். உங்களுக்கு ஒரு பக்கம் இரும்பு, மறு பக்கம் ரப்பர், அது போக வழியே இல்லை. ஈரமாக ஒட்டினால் உள்ளே சிறைப்பட்டுக் கொப்புளம் விடும், பசையும் நாள்கணக்கில் கொழகொழவென்று கிடக்கும். ஆகவே இரண்டு முகத்திலும் மெல்லிய பூச்சு, முழுதாகக் காயவிட்டு இரண்டாவது மெல்லிய பூச்சு. புறங்கையை வைத்தால் ஒட்டுவது போல இழுத்து, ஆனால் பசை கையோடு வராத பதத்தில் சேர்க்க வேண்டும். வழக்கமாக 10 முதல் 20 நிமிடம் ஆகும். எங்கள் பட்டறையில் ஒரு ஐப்பசி மழையில் பூசிய பசையின் மேல் கண்ணாடியில் ஆவி படிந்தது போல வெள்ளை மூட்டம் படர்ந்ததைப் பார்த்தேன். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் இறங்கிவிட்டது. அப்படியே ஒட்டிய நாலு துண்டும் மறுநாள் கையோடு வந்தன. இப்போது மழை நாளில் தகட்டை வெதுவெதுப்பாக்கிய பிறகே பூசுகிறேன்.

சேர்த்தபின் நடுவிலிருந்து ஓரம் நோக்கி உருளையால் பலமாக அழுத்துங்கள், ஓரங்களை ரப்பர் சுத்தியால் தட்டுங்கள். இந்தப் பசைக்கு இரவு முழுக்க எடை ஏற்றி வைப்பதைவிட, சேர்த்த கணத்தின் அழுத்தமே முக்கியம். ரப்பர் தகட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. 2 மி.மீ. உள்ளே தள்ளியே வெட்டினால் தரையில் இழுபடும்போது ஓரம் மடங்காது. ஒன்றை மறக்காதீர்கள்: அசிட்டோன் ஆவியும் பசை ஆவியும் தீப்பிடிக்கும், வெல்டிங் நடக்கும் கொட்டகையில் இந்த வேலை கூடாது.

அடுத்த ஆர்டருக்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். 25 மி.மீ. அகல ரப்பர்ப் பட்டைகள் மூன்று வெட்டுங்கள். ஒன்றை வந்தபடியே இருக்கும் தகட்டிலும், ஒன்றைத் துடைக்க மட்டும் செய்த தகட்டிலும், ஒன்றை முழுதாகத் தயார் செய்த தகட்டிலும் ஒட்டுங்கள். ஒரு முனையில் விரல் நீளம் ஒட்டாமல் விடுங்கள். இரண்டு நாள் கழித்து அந்த முனையில் கிளிப் போட்டு, ஸ்பிரிங் தராசு மாட்டி, தகட்டுக்குச் செங்குத்தாக மேலே இழுங்கள். தராசு 10 கிலோ காட்டினால் ஒரு செ.மீ. அகலத்துக்கு 4 கிலோ என்று கணக்கு. எண்ணைவிட, பிரிந்த இடம் முக்கியம். மூன்றாவது பட்டையில் பசையே கிழிந்து இரு பக்கமும் நின்றாலோ, ரப்பர் துணுக்குகள் தகட்டில் தங்கினாலோ வேலை சரி. இதே போல இன்னொரு செட் ஒட்டி, அதை ஒரு வாரம் தண்ணீரில் போட்டுவிட்டு இழுத்துப் பாருங்கள். அரைகுறைச் சுத்தம் முதல் நாளில் தப்பித்துக்கொண்டாலும் தண்ணீரில் அகப்பட்டுவிடும்.

தேக்கில் அலுமினியம் வேறு கதை. மரம் மழையில் அகலவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும். அலுமினியம் ஈரத்துக்கு அசையாது, சூட்டுக்கு மட்டும் நீளும். பட்டை மரத்தின் ரேகையோடு போனால், குறுகலாகவும் இருந்தால், மெதுவாகக் காயும் எபாக்சி போதும். ரேகைக்குக் குறுக்கே போனால் பாலியூரிதேன் போல வளையும் பசையை 1 மி.மீ.க்குக் குறையாத தடிமனில் விடுங்கள். தச்சர்களின் வெள்ளைப் பசை உலோகத்துக்கு ஆகாது. தேக்கில் இயற்கையாக எண்ணெய் உண்டு, அதனால் ஒட்டுவதற்குச் சற்று முன் உப்புத்தாள் போட்டு அசிட்டோனால் துடைக்க வேண்டும். அலுமினியத்தில் தேய்த்த நொடியே புதிய ஆக்சைடு ஏறத் தொடங்கும். எபாக்சியை மெல்லத் தடவி, அந்த ஈரப் பசையோடேயே எமரியால் தேய்த்தால் புதிய உலோகம் காற்றைப் பார்க்கும் முன் பசையைப் பார்த்துவிடும். அந்தக் கரிய பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசி ஒட்டுங்கள்.

டப்பாவைப் பொறுத்தவரை அடியில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். உள்ளே 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன், 2 அல்லது 4 என்றால் பாலிஎத்திலீன். இவற்றில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும், எண்ணெயால் அல்ல, அந்த பிளாஸ்டிக்கின் தன்மையே அது. உப்புத்தாளும் உதவாது. இந்த வகைக்கென்றே வரும் பிரைமரோடு கூடிய பசை வாங்கலாம், அல்லது நீலச் சுவாலையின் நுனியைப் பரப்பின் மேல் வேகமாக ஓட்டி, தண்ணீர் பரவத் தொடங்கியதும் சில நிமிடங்களுக்குள் ஒட்டலாம். டப்பா எடை தாங்க வேண்டியதென்றால் நான் பசையை விட்டுவிட்டு, வாஷர் வைத்து இரண்டு ரிவெட் அடித்துவிடுவேன்.