ஒரு ஃபைலைத்தானே எழுதினேன், பழையவை ஏன் போயின?

கேள்வி: சேர், நான் களுவாஞ்சிகுடியில் படிப்பிக்கிறேன். மட்டக்களப்பு டவுனில் ஒரு கொமினிகேஷனில் தவணைப் பரீட்சை வினாத்தாளைத் திருத்தி, என்னுடைய 16 ஜிபி பென் டிரைவில் சேவ் பண்ணி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அப்படியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் போட்டால் புள்ளிப் பட்டியல் இருந்த ஃபோல்டருக்குள் எல்லாம் கிறுக்கல் எழுத்து. ஒரு ஃபைலின் திகதி 2071 என்கிறது, அளவு 3 ஜிபி என்கிறது. நான் எழுதியது ஒரேயொரு ஃபைல், பழையவை ஏன் போகவேண்டும்? திரும்ப எடுக்கலாமா?

பதில்: முதலில் இரண்டு விஷயம். அந்த பென் டிரைவில் இனி எதையும் சேவ் பண்ணாதீர்கள். You need to format the disk என்று பெட்டி வந்தால் Cancel அழுத்துங்கள். புள்ளிப் பட்டியல்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கின்றன, அவை எங்கே இருக்கின்றன என்ற குறிப்புத்தான் கெட்டிருக்கிறது. ஏனென்று சொல்கிறேன்.

இந்த அளவு பென் டிரைவ்கள் வழக்கமாக FAT32 என்ற அமைப்பில்தான் வரும். அதில் இடம் முழுவதும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 16 ஜிபியில் விண்டோஸ் வழக்கமாக வைப்பது 8 கிலோபைட் துண்டு. உங்கள் வினாத்தாள் 400 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால் அதற்கு 50 துண்டு வேண்டும். எந்தத் துண்டுக்கு அடுத்தது எது என்ற தொடர்ச்சி FAT என்ற அட்டவணையில் இருக்கிறது. பெயர், திகதி, அளவு, முதல் துண்டின் எண் ஆகியவை ஃபோல்டரில் 32 பைட் கொண்ட ஒரு பதிவாக இருக்கின்றன. ஆக, ஒரு ஃபைலைச் சேவ் பண்ணும்போது உள்ளடக்கம், அட்டவணை, ஃபோல்டர் பதிவு என்று மூன்று இடத்தில் எழுதவேண்டும். மூன்றும் ஒரே நொடியில் நடப்பதில்லை. உள்ளடக்கமும் அட்டவணையும் முடிந்து, பதிவு முடியுமுன் இழுத்தால் ஃபைல் 0 பைட் என்று காட்டும், அல்லது காணவே காணாது. அது புது ஃபைலோடு போகும் நஷ்டம்.

பழையவை போவதற்குக் காரணம் வேறு. அட்டவணையில் ஒரு துண்டுக்கு 4 பைட்தான். ஆனால் கணினி 4 பைட்டைத் தனியாக எழுதாது, குறைந்தது 512 பைட்டாக எழுதும். அந்த 512 பைட்டில் 128 துண்டுகளின் விபரம் இருக்கிறது. உங்கள் வினாத்தாளின் 50 துண்டை எழுதும்போது, பக்கத்தில் இருக்கும் பழைய ஃபைல்களின் விபரமும் சேர்ந்தே திரும்ப எழுதப்படுகிறது.

பென் டிரைவுக்குள் இருக்கும் ஃபிளாஷ் சிப் இதை இன்னும் பெரிதாக்குகிறது. அதில் எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது. அழித்துவிட்டுத்தான் எழுதவேண்டும். அழிப்பதென்றால் சில நூறு கிலோபைட்டோ சில மெகாபைட்டோ கொண்ட ஒரு கட்டத்தை மொத்தமாகத்தான் அழிக்கலாம். வரவு இடாப்பில் ஒரு பிள்ளையின் பெயரைத் திருத்துவதற்கு, பக்கம் முழுவதையும் புதுத் தாளில் பார்த்தெழுதிவிட்டுப் பழைய தாளைக் கிழிப்பது மாதிரி. பார்த்தெழுதும் நடுவில் கரண்டை நிறுத்தினால் அந்தத் தாளில் இருந்த எல்லோருமே சிக்கலில். எந்தத் தாள் எங்கே மாறியது என்று பென் டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் என்ற இன்னொரு சிப் தனியாக ஒரு கணக்கும் வைத்திருக்கிறது. மலிவான பென் டிரைவில் கரண்ட் போனால் அந்தக் கணக்கைக் காப்பாற்ற எந்த ஏற்பாடும் இராது. விண்டோஸ் தன் வேலையை முடித்த பிறகும் கன்ட்ரோலர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். லைட் மினுங்குவது பல வேளை அதுதான்.

இனி உங்கள் 2071. புள்ளிப் பட்டியல் ஃபோல்டரின் பதிவுகள் இருந்த இடத்தில் வேறு ஏதோ தரவு வந்து உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் அதையும் 32 பைட் 32 பைட்டாக வெட்டி, இது பெயர், இது திகதி, இது அளவு என்று வாசிக்கிறது. FAT32 திகதி 1980 முதல் 2107 வரை போகும், அளவு 4 ஜிபி வரை போகும். அதனால் எந்தக் குப்பையை வாசித்தாலும் அந்த எல்லைக்குள் ஒரு திகதியும் அளவும் வந்துவிடும். கெட்டது ஃபோல்டரின் பதிவு என்பதற்கு இது நல்ல அடையாளம். உள்ளடக்கத் துண்டுகளை இதுவரை யாரும் தொடவில்லை என்றே எதிர்பார்க்கலாம்.

எடுக்கும் வழிக்கு வருவோம். பலர் உடனே chkdsk ஓட்டச் சொல்வார்கள். இப்போது வேண்டாம். அது அட்டவணையை ஒழுங்காக்கும் கருவி, உங்கள் ஃபைலைப் பற்றி அதற்குக் கவலையில்லை. பொருந்தாத பதிவுகளை வெட்டிவிட்டு, மிச்சத்தை FOUND.000 என்ற ஃபோல்டரில் FILE0000.CHK என்ற மாதிரிப் பெயர்களில் போட்டுவிடும். அதையும் அதே பென் டிரைவிலேயே எழுதும். முதலில் முழு டிரைவையும் கணினியில் ஒரே ஃபைலாகப் பிரதி எடுங்கள். அதற்கு 16 ஜிபி இடம் காலியாக இருக்கவேண்டும். TestDisk என்ற இலவச மென்பொருளில் Advanced என்பதற்குள் Image Creation என்று இருக்கிறது. பிறகு அதோடு வரும் PhotoRec-ஐப் பிரதியின்மேல் ஓட்டுங்கள்:

```
photorec_win image.dd
```

அது காலி இடத்தை மட்டும் தேடுவதா, முழுவதையும் தேடுவதா என்று கேட்கும்போது Whole என்பதைத் தெரிவுசெய்யுங்கள். மீட்டதைக் கணினியின் ஒரு ஃபோல்டரில் போடுங்கள், பென் டிரைவில் அல்ல. PhotoRec அட்டவணையைப் பார்ப்பதே இல்லை, ஒவ்வொரு வகை ஃபைலும் தொடங்கும் விதத்தை வைத்துத் தேடும். அதனால் பெயர்கள் வராது, f0012345.xlsx மாதிரி எண்கள்தான் வரும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவேண்டும், கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை. துண்டுகள் அங்குமிங்கும் சிதறிய ஃபைல் முழுமையாக வராமலும் போகலாம். டிரைவ் 0 பைட் என்று காட்டினாலோ, அடையாளமே தெரியாவிட்டாலோ இந்த வழி சரிவராது. அப்போது கன்ட்ரோலரின் கணக்கே போயிருக்கலாம்.

அடுத்த தடவைக்கு: "விண்டோஸ் 10-இல் Eject தேவையில்லை" என்று சொல்வதில் பாதி உண்மை. 2018-இன் 1809 பதிப்பிலிருந்து இயல்பாக Quick removal இருக்கிறது, அதாவது விண்டோஸ் எழுதவேண்டியதைத் தன் நினைவகத்தில் தேக்கிவைப்பதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே இழுப்பதிலிருந்து அது காப்பாற்றாது. உங்கள் விஷயத்தில் வேர்ட் ஃபைலை டிரைவிலிருந்தே திறந்து திருத்தியிருக்கிறீர்கள். வேர்ட் சேவ் பண்ணும்போது ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, பழையதை நீக்கி, பெயரை மாற்றும். மூடும்போது இன்னொரு தற்காலிக ஃபைலை நீக்கும். எல்லாமே ஃபோல்டர் பதிவில் கைவைக்கும் வேலைகள். லினக்ஸில் இன்னும் கவனம் வேண்டும். கொப்பி பண்ணும் கோடு முழுவதும் ஓடி முடிந்த பிறகும் பெரிய ஃபைலின் ஒரு பகுதி நினைவகத்திலேயே இருக்கலாம்.

கடையில் ஃபைலை டெஸ்க்டாப்புக்குக் கொப்பி பண்ணித் திருத்தச் சொல்லுங்கள். முடிந்ததை டிரைவுக்குக் கொப்பி பண்ணி, வேர்டை மூடி, மணிக்கூட்டுக்குப் பக்கத்து ஐகானில் Eject கொடுத்து, Safe To Remove Hardware என்று வரும்வரை நில்லுங்கள். டிரைவ் பாவனையில் இருக்கிறது என்று மறுத்தால் ஏதோ ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது, அதை மூடிவிட்டு மறுபடி கொடுங்கள். அப்படியும் விடாவிட்டால் கணினியை ஷட் டவுன் பண்ணி எடுக்கவேண்டும், ஸ்லீப் போதாது. யூபிஎஸ் இல்லாத கணினியில் கரண்ட் போவதும் டிரைவை இழுப்பதும் ஒன்றுதான். ஆகவே புள்ளிப் பட்டியலை வீட்டில் இன்னொரு டிரைவில் வைத்துவிட்டு, பிரிண்டுக்குப் போகும் டிரைவில் அன்றைய வினாத்தாளை மட்டும் கொண்டுபோங்கள்.