புதுப்பித்த பின் வரைபடம் வெற்றாகிறது: மென்பொருள் நிறுவனத்துக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: ஐயா, வணக்கம். மன்னார்குடி பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மேட்டூர் நீர்மட்டத்தையும் எங்கள் வாய்க்கால் மதகில் நிற்கும் நீரின் அளவையும் தினமும் ஒரு மென்பொருளில் ஏற்றி வரைபடமாகப் பார்ப்போம். ஜூனில் புதுப்பிப்பு வந்ததிலிருந்து வரைபடம் வெற்றாக இருக்கிறது. "சார்ட் வரவில்லை" என்று எழுதினேன். "எங்களிடம் சரியாக வருகிறது, கேஷை அழித்துப் பாருங்கள்" என்று பதில் வந்தது. அழித்தும் வரவில்லை. இன்னும் எப்படி எழுதுவது?

பதில்: அவர்கள் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். அவர்கள் கணினியில் இருக்கும் மாதிரித் தரவுக்கு வரைபடம் வருகிறது, உங்கள் தரவுக்கு வரவில்லை. இரண்டு இடத்திலும் மென்பொருள் ஒன்றுதான், ஆகையால் வேறுபாடு தரவில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதைக் கண்டுபிடித்து, அவர்கள் கணினியிலும் அதே வெற்றுப் பக்கம் வரும்படி செய்துவிட்டால், நம்பச் சொல்லிக் கேட்கவே வேண்டியதில்லை.

நீங்கள் இணைத்திருந்த கோப்பில் ஜூன் 1 முதல் 20 வரை இருபது வரிகள் இருந்தன. அதனால்தான் எழுதுவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, கோப்பை நகல் எடுத்துப் பாதி பாதியாக வெட்டி ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். முதல் பத்து வரிகளுக்கு வரைபடம் வந்தது, பின் பத்து வரிகளுக்கு வரவில்லை. அந்தப் பின்பாதியில் 11 முதல் 15 வரை மட்டும் வைத்தபோதும் வரவில்லை. 11, 12 ஆகிய இரண்டு நாட்களை மட்டும் வைத்தால் வந்தது. 13ஆம் தேதியின் ஒற்றை வரியை மட்டும் ஏற்றியபோது மீண்டும் வெற்றானது. ஐந்தே முயற்சியில் இருபது வரி ஒரு வரியாகக் குறுகிவிட்டது. எந்தத் தரவுக் கோளாறுக்கும் இப்படி வெட்டிப் பார்ப்பதையே நான் முதலில் செய்வேன், ஏனென்றால் ஊகம் எதுவும் இல்லாமலே இது வேலை செய்யும்.

முதல் பத்து வரிகளுக்கு வரைபடம் "நன்றாக வந்துவிட்டது" என்று நீங்கள் சொன்னபோது, கீழ் அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று அக்டோபர் வரை வாசித்துவிட்டு நிறுத்தினீர்கள். பத்தே நாள் கணக்கு பத்து மாதக் கணக்காக விரிந்து நின்றது. கோளாறு என்ன என்பது அந்த இடத்தில்தான் எனக்குத் தெளிவானது.

நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். 12/06/2025 என்றால் நமக்கு ஜூன் 12, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள். அமெரிக்க வழக்கில் மாதம் முதலில் வரும், ஆகையால் அதே எழுத்து டிசம்பர் 6 ஆகிவிடும். குரோம் உலாவியில் இதை நானே தட்டிப் பார்த்தேன்:

```
new Date("12/06/2025")   // Sat Dec 06 2025
new Date("13/06/2025")   // Invalid Date
```

முதல் வரியை உலாவி தவறாகப் படிக்கிறது. இரண்டாவதைப் படிக்கவே முடியவில்லை, ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாது. அப்படிப்பட்ட ஒரே தேதி வந்தாலும் வரைபடத்தை வரையும் நிரல் பாதியில் நின்றுபோகலாம், அப்போது மற்ற நல்ல வரிகளும் திரைக்கு வருவதில்லை. 13ஆம் தேதிக்குப் பிறகான நாட்கள் எல்லா மாதத்திலும் இருப்பதால், மே மாதக் கோப்பும் உங்களுக்கு வெற்றாகவே வரும். புதுப்பிப்பில் தேதியைப் படிக்கும் பகுதியை மாற்றியிருக்கிறார்கள் என்று நான் ஊகிக்கிறேன். அவர்களுடைய மாதிரித் தரவில் தேதி 2025-06-13 என்று ஆண்டு முதலாக எழுதப்பட்டிருந்தால், அவர்கள் கண்ணில் இது படவே படாது.

வெற்றுப் பக்கத்தைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது அந்த முதல் பத்து வரிகள்தான். வெற்றுப் பக்கத்தைப் பார்த்தவுடன் கோளாறு என்று தெரிந்துவிடும். ஜூன் முதல் வாரத்து நீர்மட்டம் ஜனவரி முதல் ஜூலை வரை ஒரு கோடாக ஓடுவதைப் பார்ப்பவர், அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு குறுவை நாற்றங்காலுக்கு நாள் குறித்துவிடக்கூடும். ஆகவே ஒரு மின்னஞ்சலில் ஒரு கோளாறு என்ற வழக்கத்தை இங்கே சற்றுத் தளர்த்தி, இரண்டையும் ஒன்றாகவே எழுதுங்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றாகத்தான் தெரிகிறது.

எழுதுமுன் மூன்று வேலைகள் பாக்கி இருக்கின்றன. முதலாவது, இரண்டே வரியுள்ள ஒரு சோதனைக் கோப்பு. இதை எக்செலில் செய்யாமல் நோட்பேடில் தட்டச்சு செய்யுங்கள். எக்செல் ஒரு கோப்பைத் திறந்து சேமிக்கும்போது தேதியின் வடிவத்தைத் தானாகவே மாற்றிவிடுவதுண்டு, மாறிவிட்டால் கோளாறு உங்களிடமே மறைந்துபோகும். உறுப்பினர் பெயர், கைபேசி எண், வங்கி விவரம் எதுவும் அதில் வேண்டாம். நீர்மட்டமும் உண்மையானதாக இருக்கத் தேவையில்லை:

```
date,level
12/06/2025,100
13/06/2025,101
```

இரண்டாவது, இதே கோப்பின் இன்னொரு நகலில் தேதிகளை மட்டும் 2025-06-12, 2025-06-13 என்று மாற்றி ஏற்றிப் பாருங்கள். வரைபடம் சரியாக வந்தால், அவர்களுக்கு அதைவிட வலுவான சான்று வேறில்லை. திருத்தம் வரும்வரை உங்கள் வேலை நடக்கவும் அதுவே வழி. மூன்றாவது, வரைபடம் வெற்றாக இருக்கும்போது F12 விசையை அழுத்தி, `Console` என்ற பகுதியில் சிவப்பாகத் தெரியும் வரியை அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டிய வரி, படிக்க முடியாத தேதியை நிரல் கையாளும்போது குரோம் தரும் வரிதான். அதைத் தமிழில் மாற்றி எழுத வேண்டாம், எழுத்துக்கு எழுத்து இருந்தால்தான் நிரலர் அதைத் தேடிப் பிடிப்பார்.

இனி மின்னஞ்சல். சென்னையில் உள்ள நிறுவனம் என்று சொன்னீர்கள், ஆகையால் தமிழிலேயே எழுதலாம். திரையில் உள்ள பொத்தான்களின் பெயர்களை மட்டும் திரையில் இருக்கிறபடியே எழுதுங்கள். நீங்கள் சொன்ன விவரங்களை வைத்து நான் எழுதிப் பார்த்தது இது:

> பொருள்: பதிப்பு 4.2: நாள் 13 அல்லது அதற்கு மேல் உள்ள தேதி இருந்தால் வரைபடம் வெற்றாகிறது
>
> வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு வணக்கம்.
>
> பதிப்பு 4.1 இருந்தவரை சரியாக வந்த தினசரி நீர்மட்ட வரைபடம், 4.2க்குப் புதுப்பித்த பின் வெற்றாக வருகிறது. இணைத்துள்ள இரண்டு வரிக் கோப்பைக் கொண்டு, முயன்ற ஐந்து முறையும் இது நிகழ்ந்தது.
>
> செய்து பார்க்கும் முறை:
> 1. உள்நுழைந்து `Reports` பக்கத்துக்குச் செல்லவும்.
> 2. `Import` பொத்தானை அழுத்தி, இணைத்துள்ள test1.csv கோப்பை ஏற்றவும்.
> 3. `Daily Level` வரைபடத்தைத் திறக்கவும்.
>
> எதிர்பார்த்தது: ஜூன் 12, ஜூன் 13 ஆகிய இரண்டு புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடும்.
>
> வந்தது: தலைப்பு மட்டும் தெரிகிறது. அச்சுகளோ கோடோ இல்லை. `Console` பகுதியில் உள்ள வரி: `Uncaught RangeError: Invalid time value`
>
> கோப்பில் 13/06/2025 வரியை நீக்கினால் வரைபடம் வருகிறது, ஆனால் ஜூன் 12க்கு உரிய புள்ளி டிசம்பரில் நிற்கிறது. தேதிகளை ஆண்டு முதலாக எழுதிய test2.csv கோப்புக்கு வரைபடம் சரியாக வருகிறது.
>
> விண்டோஸ் 11, குரோம் உலாவி. கேஷை அழித்த பின்னும், மறைநிலைச் சாளரத்திலும், அலுவலகத்தின் மற்றொரு கணினியிலும் இதே நிலைதான்.
>
> நாள்/மாதம்/ஆண்டு என்ற வரிசை மாதம்/நாள்/ஆண்டு என்று படிக்கப்படுவதாக ஊகிக்கிறோம். கோப்புகளும் திரைப்பிடிப்புகளும் இணைப்பில் உள்ளன.

பொருள் வரியில் "அவசரம்" என்று எழுதுவதைவிட எப்போது நிகழ்கிறது என்று எழுதுவதே பயன் தரும், ஏனென்றால் அந்த ஒரு வரியை வைத்துத்தான் கடிதம் யாரிடம் போக வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். "வெற்றாக" என்ற சொல்லோடு நிறுத்தாமல் எது தெரிகிறது, எது இல்லை என்று பிரித்து எழுதியதற்கும் காரணம் உண்டு. அச்சுகள் வந்து கோடு மட்டும் இல்லையென்றால் தரவு வந்து சேரவில்லை என்று நினைப்பார்கள். அச்சுகளே இல்லையென்றால் வரையும் நிரல் நின்றுவிட்டது என்று நினைப்பார்கள். இரண்டையும் தேடும் இடம் வேறு.

ஊகத்தைக் கடைசியில் தனியாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். அது தவறாகப் போனாலும் மேலே உள்ள படிகள் அப்படியே நிற்கும். பதிப்பு எண்ணையும் உலாவியின் முழு எண்ணையும் அனுப்பும் நாளன்று மறுபடியும் திரையில் பார்த்து எழுதுங்கள், உலாவி தானாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். நான் எழுதியுள்ள "மற்றொரு கணினியிலும்" என்பதை நீங்கள் உண்மையில் செய்து பார்த்த பிறகே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

சரிசெய்துவிட்டோம் என்று பதில் வந்ததும், வரைபடம் தெரிகிறது என்பதோடு விட்டுவிட வேண்டாம். test1.csv கோப்பை மீண்டும் ஏற்றி, 100 என்ற புள்ளி ஜூன் 12க்கு நேராக நிற்கிறதா என்று கீழ் அச்சைப் பாருங்கள். படிக்க முடியாத தேதிகளைத் தள்ளிவிட்டு மற்றவற்றை வரையும்படி மட்டும் திருத்தியிருந்தால், 13 காணாமல் போய், 12 இன்னும் டிசம்பரிலேயே நிற்கும்.