விளம்பரச் செலவும் ஜிஎஸ்டி பில்லும்: இடையில் நிற்கும் 40,300 ரூபாய்

கேள்வி: வேலூர் லாங்கு பஜாரில் எங்களுக்குச் செருப்புக் கடை இருக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தைக்கும் ஷூ, சாண்டல்களை வெப்சைட்டிலும் விற்கிறோம். எல்லாமே 2,500 ரூபாய்க்குள் விலை. அக்டோபரில் ஃபேஸ்புக், கூகுள் விளம்பரத்துக்கு 2,07,500 ரூபாய் ஆனது என்கிறார் மார்க்கெட்டிங் பார்க்கும் தம்பி. பேங்கிலிருந்து 2,47,800 போயிருக்கிறது என்கிறார் கணக்கு எழுதும் அக்கா. 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துப் பார்த்தும் ஒத்துவரவில்லை. யார் கணக்கு சார் தப்பு?

பதில்: இருவர் கணக்கிலும் தப்பில்லை. தம்பி சொல்வது அக்டோபரில் ஓடிய விளம்பரத்தின் விலை. அக்கா சொல்வது அக்டோபரில் பேங்கை விட்டுப் போன பணம். இந்த இரண்டுக்கும் நடுவே வரியும் இருக்கிறது, மாத எல்லையைத் தாண்டிப் போகும் தொகைகளும் இருக்கின்றன. வரியை மட்டும் சேர்த்துப் பார்த்ததால்தான் ஒத்துவரவில்லை.

முதலில் வரி. மெட்டாவின் விளம்பரத் திரையில் வரும் `Amount spent`, கூகுளின் `Cost` ஆகிய இரண்டும் ஜிஎஸ்டி சேராத தொகைகள். பில்லில் அதன் மேல் 18 சதவீதம் ஏறும். உங்களுக்கு வந்திருக்கும் பில்கள் வேறு மாநிலப் பதிவிலிருந்து வந்தவை என்பதால் அது சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரியாமல் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக இருக்கிறது. பேங்கில் போன தொகையிலிருந்து வரியைப் பிரிக்கும்போது பலர் அந்தத் தொகைக்கே 18 சதவீதம் கண்டு கழித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உங்கள் கணக்கில் 44,604 ரூபாய் வரியாகத் தோன்றும். உண்மையில் கட்டிய வரி அதைவிடக் குறைவு. போன தொகையை 1.18 ஆல் வகுப்பதுதான் முறை. எக்செல் தாளில் பேங்க் தொகை B2 கட்டத்தில் இருந்தால் இப்படிப் போடலாம்:

```
=ROUND(B2/1.18, 2)
```

2,47,800 ரூபாயை இப்படி வகுத்தால் சரியாக 2,10,000 வருகிறது; வரி 37,800. ஆக, 40,300 ரூபாய் வித்தியாசத்தில் 37,800 வரிக்குப் போய்விட, 2,500 ரூபாய் மட்டும் மிச்சம் நிற்கிறது. பெரும்பாலான கடைகளில் இந்த இடத்தில் "சின்னத் தொகைதானே" என்று இதர செலவில் எழுதி முடித்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், ஏனென்றால் அந்த 2,500 தனியாக வந்த ஒரு தொகை அல்ல. எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு பெரிய தொகைகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டபின் மிஞ்சியது.

நீங்கள் அனுப்பிய பில்களைப் பார்த்தால் இது விளங்கும். ஃபேஸ்புக்கில் நீங்கள் முதலில் விளம்பரம் ஓட்டிப் பிறகு பணம் கட்டுகிறீர்கள். செலவு 20,000 ரூபாயைத் தொடும்போதெல்லாம் ஒரு பில் எழுந்து, 3,600 ரூபாய் ஐஜிஎஸ்டியோடு 23,600 கார்டிலிருந்து போகிறது. அக்டோபரில் அப்படி எட்டு பில்கள் வந்திருக்கின்றன. ஆனால் அக்டோபர் 2 ஆம் தேதியிட்ட முதல் பில்லைத் திறந்து, அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் உரியது என்று பாருங்கள். செப்டம்பர் கடைசி நாட்களும் அதில் இருக்கின்றன. அந்த நாட்களுக்கு மட்டும் விளம்பரத் திரையில் அறிக்கை எடுத்தால் 12,000 ரூபாய் வருகிறது. அதாவது, அக்டோபர் பில்லில் 12,000 ரூபாய் செப்டம்பரின் செலவு. மாத இறுதியில் இதற்கு நேர்மாறாக, எட்டாவது பில்லுக்குப் பிறகு 31 ஆம் தேதி இரவு வரை ஓடிய 18,000 ரூபாய்க்கு இன்னும் பில்லே வரவில்லை. எனவே பில் தொகையான 1,60,000 இல் 12,000 ஐக் கழித்து 18,000 ஐக் கூட்டினால், தம்பி சொல்லும் 2,07,500 இல் ஃபேஸ்புக்கின் பங்கான 1,66,000 வந்துவிடுகிறது.

கூகுளில் உங்கள் ஏற்பாடு முன்பணம். அக்டோபர் 3 அன்று 59,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். அதில் 9,000 வரியாகப் பிடிக்கப்பட்டு 50,000 மட்டுமே விளம்பரத்துக்கு இருப்பாக ஏறியிருக்கிறது. கையிருப்பாக ஏற்கெனவே 6,000 இருந்தது. மாதத்தில் ஓடியது 41,500. எனவே 31 ஆம் தேதி இருப்பு 14,500. கட்டியது ஓடியதைவிட 8,500 அதிகம். ஃபேஸ்புக்கிலோ ஓடியது பில் வந்ததைவிட 6,000 அதிகம். இரண்டையும் கழித்தால் நாம் தேடிய 2,500 கிடைத்துவிடுகிறது, ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை.

இதையே அக்காவின் டேலியில் நான்கு இடங்களில் வைக்க வேண்டும். அக்டோபர் மாத விளம்பரச் செலவு என்ற கணக்கில் 2,07,500. ஐஜிஎஸ்டி உள்ளீட்டு வரியில் 37,800. கூகுளிடம் இருக்கும் 14,500 முன்பணமாகச் சொத்துப் பக்கம். ஃபேஸ்புக்குக்குத் தர வேண்டிய 18,000 பில் வராத செலவாகக் கடன் பக்கம், வரி சேர்க்காமல். அந்த வரி நவம்பர் பில்லோடு வரும். கடைசி இரண்டும் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி தொடக்க இருப்பாகும். செப்டம்பர் முடிவில் 12,000, 6,000 என்று எழுதாமல் விட்டதால்தான் அக்டோபர் உங்களுக்குப் புதிராக வந்தது. மாதம் முடியும் இரவில் இரண்டு தளங்களின் பேமென்ட் பக்கத்தையும் தம்பி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிடட்டும். அந்த நேரத்து இருப்பைப் பிறகு தேடுவது, தேதிவாரியாகத் திரும்பக் கணக்குப் போடும் வேலையாகிவிடும்.

பில்லைப் பேங்க் பதிவோடு சேர்க்கும்போது தேதியை நம்பாதீர்கள். கார்டுப் பதிவு ஓரிரு நாள் தள்ளி விழலாம், எட்டு பில்களிலும் தொகை ஒன்றாகவே இருப்பதால் எது எதற்கென்று குழம்பும். பில்லில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணை வைத்துச் சேருங்கள். எண் எதுவும் பொருந்தாத ஒரு பதிவு பேங்கில் நின்றால், அநேகமாகக் கடையில் யாரோ தங்கள் போனிலிருந்து வேறொரு விளம்பரக் கணக்கில் போஸ்ட்டை பூஸ்ட் செய்திருப்பார்கள். தம்பியின் அறிக்கையில் அந்தக் கணக்கு இருக்காது.

மேலே சொன்ன 37,800 ரூபாயை உள்ளீட்டு வரியாக வைத்து, நீங்கள் கட்ட வேண்டிய விற்பனை வரியில் கழிக்கும் வரவாக எடுப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் ஜிஎஸ்டி எண், அதாவது தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும் 15 இலக்க எண், விளம்பரக் கணக்கின் பில்லிங் பக்கத்தில் பதிவாகி, பில்லில் அச்சாகி, பிறகு `GSTR-2B` யிலும் வந்திருக்க வேண்டும். அந்த அறிக்கை அடுத்த மாதம் 14 ஆம் தேதி உருவாகும். அதில் இல்லாத தொகைக்கு அந்த மாதம் வரவு எடுக்க வழியில்லை. கூகுளுக்குக் கட்டியது முன்பணம் என்பதால், பணம் கட்டிய ரசீதை வைத்தே 9,000 ரூபாய்க்கு வரவு எடுத்துவிடக் கூடாது. சேவை கிடைத்திருக்க வேண்டும், வரி இன்வாய்ஸ் கையில் இருக்க வேண்டும். அது வரும்வரை 9,000 ஐ வரவுக்காகக் காத்திருக்கும் தனிக் கணக்கில் வைப்பது நல்லது. பில்லிங் பக்கத்தில் எண்ணைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், இன்றே பதிவு செய்தாலும் பழைய பில்கள் தாமாக மாறா. அந்தப் பில்களின் வரி முழுவதும் உங்கள் செலவுதான்.

இங்கேதான் மார்க்கெட்டிங்கும் கணக்கும் உண்மையிலேயே மோதிக்கொள்கின்றன. வரவு கிடைத்தால் உங்கள் அக்டோபர் விளம்பரச் செலவு 2,07,500, கிடைக்காவிட்டால் 2,44,850. காம்பொசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரருக்கு வரவே கிடையாது என்பதால், அவர் எப்போதும் இரண்டாவது எண்ணைத்தான் எடுக்க வேண்டும். இதில் எந்த எண் என்று வருடத் தொடக்கத்திலேயே முடிவு செய்து எழுதி வைத்துவிட்டால், மாதாமாதம் வாதம் இருக்காது.

தம்பியின் அறிக்கையில் இன்னொரு திருத்தமும் தேவை, அது விற்பனைப் பக்கம். விளம்பரத்தால் 8,71,500 ரூபாய்க்கு விற்பனை, செலவைப் போல் 4.2 மடங்கு என்று அவர் காட்டியிருக்கிறார். வாடிக்கையாளர் செக்அவுட்டில் கட்டும் தொகையை வெப்சைட் அப்படியே விளம்பரத் தளத்துக்கு அனுப்புகிறது. அதில் ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் என்பதால், 1.05 ஆல் வகுத்தால் உங்கள் விற்பனை 8,30,000. மேலே வரியோடும் கீழே வரியில்லாமலும் வைத்து வகுக்கக் கூடாது. இரண்டையும் வரியில்லாமல் வைத்தால் சரியாக 4 மடங்கு. வரவு கிடைக்காத நிலையில் ஏறக்குறைய 3.4 தான். 4.2 என்ற எண்ணை நம்பி விளம்பரத்தைக் கூட்டினால் லாபம் எங்கே என்று பிறகு தேட வேண்டியிருக்கும்.

போகிற போக்கில் ஒன்று. நீங்கள் 5 சதவீதத்தில் வாங்கி 5 சதவீதத்தில் விற்கிறீர்கள். விளம்பரத்துக்கோ 18 சதவீதம் கட்டுகிறீர்கள். எனவே விளம்பரம் அதிகமான மாதங்களில் உள்ளீட்டு வரி செலவழியாமல் லெட்ஜரில் தேங்கலாம். வாங்கும் பொருளின் வரி விகிதம் விற்கும் பொருளுடையதைவிட அதிகமாக இருந்தால் கிடைக்கும் தலைகீழ் வரிவிகித ரீஃபண்டிலும் இதைத் திரும்பப் பெற முடியாது, ஏனென்றால் அதன் சூத்திரத்தில் சேவைகளுக்குக் கட்டிய வரி சேராது. 2021 இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. தேங்கிய தொகை செலவாகிவிடவில்லை என்றாலும் கையில் புரளும் பணமும் இல்லை, ஆகவே பொங்கல் விளம்பரத்துக்குப் பட்ஜெட் போடும்போது வரி சேர்ந்த தொகையைப் பேங்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேர மண்டலத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விளம்பரக் கணக்கு தொடங்கும்போது யாராவது அமெரிக்கப் பசிபிக் நேரத்தைத் தேர்ந்திருந்தால், அக்டோபர் 1 என்பது அந்தத் திரையில் நம் ஊரில் மதியம் 12.30 க்குத்தான் பிறக்கும். அதற்கு முந்தைய காலை விளம்பரம் செப்டம்பர் கணக்கில் விழும். தினசரி விளம்பரச் செலவையும் வெப்சைட் ஆர்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, காலை ஆர்டர்கள் மட்டும் முந்தைய நாளின் செலவோடு பொருந்தினால் காரணம் இதுதான். அப்படி இருந்தால், மாத எல்லையில் பில் வராத தொகையைக் கணக்கிடும்போது விளம்பரத் தளத்தின் நாளையே இரு தரப்பும் எல்லா மாதமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் அந்த நேரம், மறு மாதம் நம் நேரம் என்று மாற்றினால் ஏதோ ஒரு காலைப்பொழுது இரண்டு முறை எண்ணப்படும் அல்லது விட்டுப்போகும்.