‘இருந்தது’, ‘இருந்ததால்’

வணக்கம் ஐயா,

நான் ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை. பிள்ளைகள் எழுதிய ஒப்படைப்புகளைத் தொகுத்து வகுப்புக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறோம். திருத்தி எழுதும் வேலை என்னுடையது. ஒரு மாணவியின் பத்தி இது:

“நான் இரண்டு கிளாஸில் பயறு விதை போட்டேன். ஒன்றை ஜன்னல் கிட்ட வெச்சேன் இன்னொன்றை அலமாரிக்குள் வெச்சேன். ஏழு நாள் கழிச்சு பார்த்தேன். அலமாரிக்குள் வெச்ச செடி தான் உயரமாக வளந்துருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அது மெலிசாக மஞ்சளாக இருந்தது அது நிக்கவே இல்லை சாய்ந்து விழுந்துச்சு. ஜன்னல் கிட்ட இருந்தது குட்டையாக பச்சையாக இருந்தது. ஒளிச்சேர்க்கை மிக இன்றியமையாதது ஆகும். அதனால் செடிக்கு வெளிச்சம் தேவை.”

நான் மாற்றியதில் நடுப்பகுதி இப்படி வந்தது: “இருளில் வளர்ந்த நாற்று கூடுதல் உயரம் பெற்றிருந்தபோதிலும், பச்சையம் உருவாகாத காரணத்தால் வெளிறி, வலுவிழந்து சாய்ந்துவிட்டது. உயரம் மட்டுமே வளர்ச்சியின் அளவுகோல் அன்று என்பதை உணர்ந்தேன்.” அவள் படித்துவிட்டு, “இது நான் எழுதலை மிஸ்” என்றாள். எளிய சொற்களாகப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் அவளுடையதாக இல்லை. எங்கே தவறுகிறேன்?

ம.

அன்புள்ள ம.,

எளிய சொற்களாக மாற்றியும் சரியாக வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. ‘நாற்று’ என்பதைச் ‘செடி’ என்றும் ‘வெளிறி’ என்பதை ‘மஞ்சளாகி’ என்றும் போட்டுவிடலாம். ஆனால் ‘பெற்றிருந்தபோதிலும்’, ‘உருவாகாத காரணத்தால்’ இரண்டையும் எவ்வளவு எளிமையாக்கினாலும் அந்த இரண்டு யோசனைகளும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அவை உங்கள் யோசனைகள்.

மாணவியின் பத்தியைத் திரும்பப் பாருங்கள். “மெலிசாக மஞ்சளாக இருந்தது அது நிக்கவே இல்லை.” இரண்டு விஷயங்களைப் பார்த்தாள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றால் மற்றது நடந்தது என்று அவள் சொல்லவில்லை. நாம் திருத்தும்போது கை தானாக என்ன செய்யும்? “மெலிசாக இருந்ததால் நிற்கவில்லை” என்று எழுதிவிடும். சொல் எல்லாம் அவளுடையது, வாக்கியமும் சின்னது. ஆனால் ‘இருந்தது’ ‘இருந்ததால்’ ஆன இடத்தில் அவள் எடுத்துவைக்காத ஓர் அடியை அவள் பெயரில் நாம் எடுத்துவைத்துவிட்டோம். தமிழில் காரணமும் முரணும் பெரும்பாலும் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன: ஆல், உம், போதிலும். தனிச் சொல்லாகக் கண்ணில் படாததால் திருத்துகிறவருக்கே தாம் சேர்த்தது தெரிவதில்லை. கடினச் சொல்லைத் தேடிப் பிடிப்பதைவிட இந்த வால்களைத் தேடிப் பிடிப்பதுதான் முக்கியமான வேலை.

கடைசியில் வரும் “உயரம் மட்டுமே வளர்ச்சியின் அளவுகோல் அன்று” பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல வாக்கியம்தான், உங்கள் கட்டுரையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எப்படிச் செய்வது? இரண்டு தனித்தனிச் சுற்றுகளாகச் செய்யுங்கள். மொழி கற்பிப்பவர்களிடம் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. ஆண்ட்ரூ கோஹன் என்பவர் 1980களில் எழுதிக் காட்டியது: முதலில் பிழைகளை மட்டும் நீக்கி ஒரு பிரதி, பிறகு கருத்தைத் தொடாமல் நடையை மட்டும் மாற்றி இன்னொரு பிரதி. மாணவர் தன் மூலத்தையும் மாற்றிய பிரதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். நமக்கு இதில் வேறொரு லாபமும் உண்டு. முதல் பிரதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால், இரண்டாவதில் நாம் எங்கே அத்துமீறினோம் என்பது வெட்ட வெளிச்சமாகத் தெரிந்துவிடும்.

உங்கள் மாணவியின் பத்திக்கு முதல் சுற்று இப்படி வரும்:

“நான் இரண்டு கிளாஸில் பயறு விதை போட்டேன். ஒன்றை ஜன்னல் பக்கத்தில் வைத்தேன். இன்னொன்றை அலமாரிக்குள் வைத்தேன். ஏழு நாள் கழித்துப் பார்த்தேன். அலமாரிக்குள் வைத்த செடிதான் உயரமாக வளர்ந்திருந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அது மெலிசாக, மஞ்சளாக இருந்தது. அது நிற்கவே இல்லை. சாய்ந்து விழுந்துவிட்டது. ஜன்னல் பக்கத்தில் இருந்தது குட்டையாக, பச்சையாக இருந்தது.”

‘வெச்சேன்’ ‘வைத்தேன்’ ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். ‘கிளாஸ்’ கிளாஸாகவே இருக்கிறது. கண்ணாடிக் குவளை என்று எழுதினால் அவள் வீட்டில் இல்லாத ஒரு பாத்திரம் கட்டுரைக்குள் வந்துவிடும். ‘மெலிசாக’ என்பதையும் விட்டுவிட்டேன். பேச்சு வடிவத்தை எழுத்து வடிவமாக்குவது வேறு, சொல்லை ஒரு படி உயர்த்துவது வேறு. முதலாவது எழுத்துப்பிழை திருத்துவது மாதிரி. இரண்டாவதைத் தொடங்கினால் நிறுத்த முடியாது.

அப்புறம் அந்த ‘தான்’. “அலமாரிக்குள் வைத்த செடிதான் உயரமாக வளர்ந்திருந்தது.” ஜன்னல் செடிதான் உயரமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள், அது பொய்த்துப்போனது, அத்தனையும் அந்த ஒரு ‘தான்’ஐ வைத்துச் சொல்லிவிட்டாள். ‘நிக்கவே இல்லை’யில் இருக்கும் ஏகாரமும் அப்படித்தான். அவளுடைய சிந்தனை இருக்கும் இடங்கள் இவை. உங்கள் பிரதியில் இரண்டுமே காணாமல் போயிருக்கின்றன. பதிலுக்கு ‘கூடுதல் உயரம்’ கிடைத்திருக்கிறது, நஷ்ட வியாபாரம்.

இப்போது கடைசி இரண்டு வாக்கியங்கள். இங்கேதான் சிக்கல். இருட்டில் இருந்த செடி உயரமாக வளர்ந்தது என்கிறாள், அதனால் செடிக்கு வெளிச்சம் தேவை என்று முடிக்கிறாள். நடுவில் ஒரு படி இல்லை. அந்தப் படி என்ன என்று உங்களுக்குத் தெரியும். விதையில் சேர்த்து வைத்த உணவைக் கொண்டு முளை இருட்டில் விறுவிறுவென்று நீள்கிறது, வெளிச்சத்தை எட்டுவதற்காக. பச்சையம் உருவாக ஒளி வேண்டும், அது கிடைக்காததால் மஞ்சளாகவே இருக்கிறது. இதெல்லாம் தெரிந்திருப்பதால்தான் கை பரபரக்கிறது. ஓட்டையை அடைத்தால் கட்டுரை சரியாகிவிடும், ஆனால் அவளுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்ததாக ஆகிவிடும்.

அடைக்காதீர்கள், கேளுங்கள். கேட்கும் விதமும் முக்கியம். “உயரம் மட்டும் இருந்தால் போதுமா?” என்று கேட்டால் பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கொடுத்த மாதிரி. அவள் எழுதிய இரண்டு வாக்கியங்களையும் அப்படியே வாசித்துக் காட்டி, “அலமாரிச் செடிதான் உயரம்னு சொல்ற, அப்புறம் வெளிச்சம் தேவைன்னும் சொல்ற. எப்படி?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

இரண்டு விதமாகப் பதில் வரலாம். “உயரமா இருந்தாலும் அதால நிக்க முடியலையே மிஸ். ஜன்னல் செடி கெட்டியா இருந்துச்சு” என்று சொன்னாள் என்று வைத்துக்கொள்வோம். உடனே அதை அதே சொற்களில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது “உயரமாக இருந்தாலும் அதனால் நிற்க முடியவில்லை. ஜன்னல் செடி கெட்டியாக இருந்தது. அதனால் செடிக்கு வெளிச்சம் தேவை” என்று தாராளமாக எழுதலாம். ‘இருந்தாலும்’ என்ற முரண் இப்போது அவள் வாயிலிருந்து வந்தது. உங்கள் ‘பெற்றிருந்தபோதிலும்’ சொல்வதும் அதே முரண்தான், ஆனால் அதை அவள் யோசித்திருக்கவில்லை.

“தெரியல மிஸ்” என்றும் சொல்லலாம். அப்போது எழுத வேண்டியது: “இருட்டில் ஏன் உயரமாக வளர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை.” அவளுக்குச் சம்மதம் என்றால் அச்சில் போடுங்கள். அறிவியல் ஒப்படைப்பில் இதைவிட நேர்மையான வாக்கியம் கிடையாது. அடுத்த பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்றும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

“ஒளிச்சேர்க்கை மிக இன்றியமையாதது ஆகும்” பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி வந்த வாக்கியம். ஒரு பிள்ளையின் சொல்வளம் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நாம் இதை அடித்துவிடுவோம். உண்மையில் அது மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். ‘மெலிசாக’வும் ‘இன்றியமையாதது’வும் ஒரே பக்கத்தில் வரும், அதுவும் அவள் நிலைதான். “இது நீ பார்த்ததா, படித்ததா?” என்று கேளுங்கள். படித்தது என்றால், “ஒளிச்சேர்க்கை இன்றியமையாதது என்று பாடத்தில் படித்திருக்கிறேன்” என்று மாற்றினால் போதும். அவளுக்குப் பிடித்துப்போன பெரிய சொல் அப்படியே இருக்கும், அது எங்கிருந்து வந்தது என்பதும் வாசகருக்குத் தெரியும்.

இதற்கு நேர்மாறான தவறும் ஒன்று உண்டு. பிள்ளையின் குரலைக் காப்பாற்றுகிறேன் என்று சிலர் “ஐ! குட்டிச் செடி!” என்று மழலையைச் சேர்ப்பார்கள். ஏழாம் வகுப்புப் பெண் அப்படி எழுதவில்லை. அவள் எழுதாத கொஞ்சலும் எழுதாத பாண்டித்தியமும் ஒரே குற்றம்தான்.

முடித்த பிறகு சரிபார்க்க இரண்டு வழிகள் சொல்கிறேன். வாக்கிய நீளத்தை எண்ணிப் பாருங்கள். நிறுத்தற்குறி போட்டுப் பிரித்தால், அவளுடைய எந்த வாக்கியமும் ஆறு சொற்களைத் தாண்டவில்லை. உங்கள் ‘போதிலும்’ வாக்கியத்தில் 12 சொற்கள். அவளால் அவ்வளவு நீளத்துக்கு எழுத முடியாது என்பதில்லை, ஆனால் இரட்டிப்பானால் நடுவில் நீங்கள் எதையோ முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இன்னொன்று, நீங்கள் புதிதாகச் சேர்த்த சொற்களையும் வால்களையும் மட்டும் வேறு மையில் எழுதி அவளிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்குகிற இடத்தை அடித்துவிடுங்கள். தடுக்காமல் வாசித்தாலும், “இதை எனக்குச் சொல்லு” என்றால் சொல்ல வராத இடத்தையும் அடித்துவிடுங்கள். மனப்பாடம் செய்து பழகிய பிள்ளைகள் எதையும் தடுக்காமல் வாசிப்பார்கள், அதனால் வாசிப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

இவ்வளவையும் 40 நோட்டுகளுக்குச் செய்ய நேரம் இருக்காது. நேரம் இல்லையென்றால் இரண்டாவது சுற்றையே விட்டுவிடுங்கள். முதல் சுற்றும் ஓரத்தில் ஒரு கேள்வியும் போதும். முதல் சுற்றைக்கூடப் பிள்ளைகளிடமே தள்ளலாம். ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்ற கல்லூரி ஆசிரியர் 1983இல் எழுதிய முறை இது: பிழை என்ன என்று சொல்லாமல், பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு குறி மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பாதிக்கும் மேற்பட்ட பிழைகளை மாணவர்களே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள், உங்கள் பிள்ளைகளிடம் அந்த அளவு எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் ‘வெச்சேன்’ மாதிரியானவற்றை அவர்களே பிடித்துவிடுவார்கள். ல, ள, ழ குழப்பமும் ஒற்று மிகும் இடங்களும் உங்கள் தலையில்தான் விழும்.

இதெல்லாம் புத்தகத்துக்குப் போகும் பிரதிக்குத்தான். அதே ஒப்படைப்புக்கு மதிப்பெண்ணும் போடப்போகிறீர்கள் என்றால் அவள் கையால் எழுதிய மூலத்துக்கே போடுங்கள், திருத்திய பிரதியை அதோடு கலக்க வேண்டாம்.